பிஎல்ஏ2ஆர் ரத்தப் பரிசோதனையா, சதைப் பரிசோதனையா? மெம்பரனஸ், எஃப்எஸ்ஜிஎஸ் இரண்டையும் பிரித்தறிவது

காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம், சாயங்காலத்தில் காலை அமுக்கினால் குழி விழுகிறது, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது. நாற்பது ஐம்பது வயதில் ஒருவர் இப்படி வந்து, 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 3.5 கிராமுக்கு மேல், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ், கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்றால் அது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். இதுவரை கண்டுபிடித்தது சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்பது மட்டுமே. எதனால் ஒழுகுகிறது என்பது இன்னும் தெரியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இதே வீக்கம் வந்தால் பெரும்பாலும் மினிமல் சேஞ்ச் என்ற நோய்தான் காரணம். அதனால் அவர்களுக்குச் சிறுநீரகத்திலிருந்து சதை எடுக்காமலேயே ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள், பெரும்பாலோருக்கு வீக்கமும் வடிந்துவிடுகிறது. அந்தக் குறுக்குவழி பெரியவர்களுக்குப் பொருந்தாது. சர்க்கரையால் வராத நெஃப்ராட்டிக் என்றால் பெரியவர்களிடம் முதலில் நிற்கும் பெயர்களில் இரண்டு மெம்பரனஸ் நெஃப்ரோபதி, ஃபோக்கல் செக்மென்டல் குளோமெருலோஸ்கிளிரோசிஸ். பின்னதைச் சுருக்கமாக எஃப்எஸ்ஜிஎஸ் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மருந்து மட்டும் வேறு. ஸ்டீராய்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் மெம்பரனஸுக்குப் பலன் இல்லை. முதல்நிலை எஃப்எஸ்ஜிஎஸ்ஸுக்கோ அதே ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. எஃப்எஸ்ஜிஎஸ்ஸிலேயே வேறொரு வகைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரையும் எலும்புத் தேய்வும்தான் மிஞ்சும்.

ஆகவே நோயாளியின் குடும்பம் எடுக்க வேண்டிய முதல் முடிவு மருந்தைப் பற்றியது அல்ல, பரிசோதனையைப் பற்றியது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் சிறுநீரகப் பிரிவின் வாசலில் உறவினர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "ரத்தத்துலயே தெரிஞ்சிரும்ங்கிறாங்களே, அப்புறம் எதுக்குய்யா முதுகுல ஊசி போட்டுச் சதை எடுக்கணும்?" நியாயமான கேள்வி. சில பேருக்கு எடுக்கத் தேவையில்லை என்பதே பதில். யாருக்குத் தேவையில்லை, யாருக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று பார்க்கலாம்.

எங்கே பழுது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் கிளாமருலஸ்கள் உண்டு. ஒவ்வொன்றும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஒரு சுருள். அந்தக் குழாய்ச் சுவரின் வெளிப்பக்கத்தைப் போடோசைட் என்ற செல்கள் தம் கால்விரல் போன்ற நீட்சிகளால் கோத்துப் பிடித்திருக்கின்றன. புரதத்தை வெளியே விடாமல் தடுப்பது அந்தக் கோர்ப்புதான். இரண்டு நோயும் இந்தப் போடோசைட்டைத்தான் தாக்குகின்றன.

மெம்பரனஸில், போடோசைட்டின் மேல் இருக்கும் ஒரு புரதத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடி குழாய்ச் சுவருக்கும் போடோசைட்டுக்கும் நடுவே போய்ப் படிகிறது. ஏறக்குறைய எல்லாக் கிளாமருலஸிலும் ஒரே மாதிரி படியும். அந்தப் புரதம் எது என்பது 2009-ல் தெரிந்தது. பெக், சாலண்ட் குழுவினர் அதை பிஎல்ஏ2ஆர் என்று அடையாளம் காட்டினார்கள். வேறு நோயால் தூண்டப்படாமல் தானாக வரும் மெம்பரனஸில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு இந்த ஆன்டிபாடி இருக்கிறது.

எஃப்எஸ்ஜிஎஸ் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. சில கிளாமருலஸ்களில் மட்டும், அவற்றிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுந்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் கண்டதைச் சொல்லும் பெயர் அது. அந்தத் தழும்பு பல காரணங்களால் வரலாம். ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒரு பொருள் போடோசைட்டைத் தாக்கும் முதல்நிலை வகை, பிறவியிலேயே ஒரு ஜீன் பழுதாக இருப்பது, உடல் பருமனாலோ ஒற்றைச் சிறுநீரகத்தாலோ மீதி வடிகட்டிகள் அளவுக்கு மீறி உழைப்பது, எச்ஐவி போன்ற கிருமி, சில மருந்துகள் என்று பட்டியல் நீளும். மெம்பரனஸ் என்று வந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எஃப்எஸ்ஜிஎஸ் என்று வந்தால் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடியை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். எலைசா முறை ஓர் எண்ணைத் தரும். பரவலாகப் பயன்படும் கிட்டில் மில்லிக்கு 14 ஆர்.யு.வுக்குக் கீழ் என்றால் நெகட்டிவ், 20-ம் அதற்கு மேலும் என்றால் பாசிட்டிவ், நடுவில் இருப்பது சந்தேக நிலை. இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில் பிஎல்ஏ2ஆர் உள்ள செல்களின் மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் 1-க்கு 10, 1-க்கு 32 என்று நீர்த்த அளவாக முடிவு வரும். எலைசாவில் 2-க்கும் 20-க்கும் நடுவே வந்தால் இந்த இரண்டாவது முறையையும் செய்து பார்ப்பது நல்லது. எலைசா கோட்டைவிட்ட சிலரை இது பிடித்துக்கொடுக்கும்.

பாசிட்டிவ் என்று வந்தால் அந்த முடிவை நம்பலாம். ஆரோக்கியமானவர்களிடமோ எஃப்எஸ்ஜிஎஸ், மினிமல் சேஞ்ச் உள்ளவர்களிடமோ இது பாசிட்டிவ் ஆவது மிக அபூர்வம். அதனால்தான் 2021-ல் வந்த, சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதல், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமும் பாசிட்டிவ் ஆன்டிபாடியும் சேர்ந்து இருந்தால் மெம்பரனஸ் என்று சொல்ல பயாப்ஸி என்ற சதைப் பரிசோதனை கட்டாயமில்லை என்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, உடம்பைத் தானே தாக்கும் லூபஸ் நோய்க்கான ஏஎன்ஏ பரிசோதனை நெகட்டிவ், ஹெபடைட்டிஸ் பி இல்லை, சிறுநீரில் ரத்தம் பெரிதாக இல்லை, சர்க்கரை நோய் இல்லை என்றால் ஊசியைத் தவிர்த்துவிடலாம். இவற்றில் ஒன்று இடித்தாலும், குறிப்பாகக் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனால், பாசிட்டிவ் வந்தவருக்கும் சதை எடுப்பதே சரி. மெம்பரனஸோடு இன்னொரு நோயும் சேர்ந்திருக்கலாம்.

நெகட்டிவ் என்று வந்தால் அது எதையும் முடித்துவைக்காது. 'மெம்பரனஸ் இல்லை, அப்போது எஃப்எஸ்ஜிஎஸ்தான்' என்று தாவிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நெகட்டிவ் வருவதற்கு மெம்பரனஸிலேயே குறைந்தது மூன்று வழி இருக்கிறது. நோய் தொடங்கிய புதிதில் உருவாகும் ஆன்டிபாடி எல்லாம் சிறுநீரகத்திலேயே போய் ஒட்டிக்கொள்வதால் ரத்தத்தில் மிச்சம் தெரியாமல் போகலாம். நோய் அடங்கத் தொடங்கி ஆன்டிபாடி மறைந்த பிறகும் சேதம் ஆறாததால் புரதம் மட்டும் போய்க்கொண்டிருக்கலாம். மூன்றாவது, இலக்கான புரதம் பிஎல்ஏ2ஆர் அல்லாமல் வேறொன்றாக இருக்கலாம். 2014-ல் கண்டறிந்த டிஎச்எஸ்டி7ஏ, அதற்குப் பின் வந்த நெல்-1 என்று இந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே வருகிறது.

நெல்-1 நம் பக்கத்துக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கும், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்கும் இந்த வகை மெம்பரனஸ் வந்ததைத் தமிழ்நாடு, கேரளா மருத்துவர்களே ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் லேபிள் இல்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் பற்பம், செந்தூரம், ஃபேன்சி ஸ்டோரில் தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் விற்கும் கிரீம் எல்லாம் இதில் சேர்த்தி. நோயாளிகள் பெரும்பாலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கணக்கில் கிரீம் மருந்தே அல்ல. 'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். லேகியம், பற்பம், முகத்துக்குப் போடும் கிரீம் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். நிறுத்தினாலே பலருக்கு மாதக்கணக்கில் புரதம் குறைந்துவிடுகிறது. ரத்தத்தில் பிஎல்ஏ2ஆர் மட்டும் பார்த்து, நெகட்டிவ் என்று ஸ்டீராய்டு ஆரம்பித்தால், கிரீமைப் பூசிக்கொண்டே நான்கு மாதம் ஸ்டீராய்டு சாப்பிடும் நிலை வரும்.

எஃப்எஸ்ஜிஎஸ்ஸுக்கு இதுபோல ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதா? அன்றாட மருத்துவத்தில் நம்பிப் பயன்படுத்தும்படி இல்லை. சூபார் என்ற பொருளை 2011-ல் பெரிதாகப் பேசினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அது நோய்களைப் பிரித்துக் காட்டவில்லை. நெஃப்ரின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இப்போது நல்ல நம்பிக்கை தருகிறது. ஆனால் அது அதிகம் தென்படுவது மினிமல் சேஞ்சில். முதல்நிலை எஃப்எஸ்ஜிஎஸ்ஸில் சிறு பங்கினருக்கே இருக்கிறது, பரிசோதனையும் எங்கும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆக, எஃப்எஸ்ஜிஎஸ் என்று சொல்ல வேண்டுமானால் சதையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சதைப் பரிசோதனையில் என்ன தெரியும்

பயாப்ஸிக்கு முன் ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையும் நேரமும் தட்டணுக்களும் பார்ப்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி சிறுநீரகத்தின் கீழ்முனையில் ஊசியைச் செலுத்தி நூல் போன்ற இரண்டு துண்டுகள் எடுப்பார்கள். பிறகு ஆறு எட்டு மணி நேரமாவது அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், சிறுநீரின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கசிவது நூறில் ஓரிருவருக்கு.

இரண்டு துண்டு ஏன்? ஒன்று ஃபார்மலினில் போகும், சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க. மற்றொன்று ஃபார்மலினில் விழவே கூடாது. அதை மைக்கேல் திரவத்திலோ, உடனே லேபுக்குப் போவதானால் ஈரம் காயாமல் சலைனிலோ, படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு அனுப்ப வேண்டும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதானால் ஒரு சின்னத் துணுக்கைக் குளூட்டரால்டிஹைடில் எடுத்துவைப்பார்கள். இந்தப் பங்கீட்டில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. இரண்டாவது துண்டில் கிளாமருலஸே இல்லாமல் வெறும் உள்பகுதித் திசு மட்டும் வந்துவிட்டால் இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்ய முடியாது. அது இல்லாத அறிக்கையை வைத்து மெம்பரனஸா, எஃப்எஸ்ஜிஎஸ்ஸா என்று முடிவு செய்வது ஆபத்து.

மெம்பரனஸ் வளர்ந்த நிலையில் இருந்தால் சில்வர் ஸ்டெயின் என்ற சாயத்தில் கண்ணுக்கே தெரியும். கிளாமருலஸின் குழாய்ச் சுவர் தடித்து, அதன் வெளிப்பக்கமாகச் சீப்புப் பல் போல வரிசையாகக் கறுப்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். படிந்த ஆன்டிபாடி நிறம் எடுக்காது, அதற்கு நடுநடுவே சுவர் வளர்ந்த இடம் மட்டும் கறுக்கும். இம்யூனோஃப்ளோரசன்ஸில் சுவர் முழுக்க ஐஜிஜி என்ற ஆன்டிபாடி பொடிப்பொடியாக ஒளிரும், சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதமும் பெரும்பாலும் கூட வரும். ஐஜிஜியில் நான்காம் வகை ஓங்கியிருந்தால் பிஎல்ஏ2ஆர் பக்கம் சாய்வு. ஐஜிஏ, ஐஜிஎம், சி1க்யூ எல்லாம் சேர்ந்து ஒளிர்ந்தால் லூபஸைத் தேட வேண்டும். திசுவிலேயே பிஎல்ஏ2ஆர் ஸ்டெயின் போட்டுப் பார்க்கலாம். ரத்தத்தில் நெகட்டிவ் வந்த சிலருக்குத் திசுவில் பாசிட்டிவ் வரும்.

தொடக்கநிலை மெம்பரனஸில் இந்த முட்கள் வளர்ந்திருக்காது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கிளாமருலஸ் நல்லபடியாகவே தெரியும். இம்யூனோஃப்ளோரசன்ஸ் இல்லையென்றால் அது மினிமல் சேஞ்ச் என்ற பெயரில் வெளியே போய்விடும். நெல்-1 வகையில் படிவு சுவரின் சில பகுதிகளில் மட்டும் இருப்பது உண்டு, அதைக் கவனமாகப் பார்க்காவிட்டால் நழுவிவிடும்.

எஃப்எஸ்ஜிஎஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. சில கிளாமருலஸ்களில் மட்டும் தழும்பு இருப்பதால், எடுத்த துண்டில் எத்தனை கிளாமருலஸ் வந்தது என்பதே தீர்ப்பை மாற்றும். பத்தில் ஒன்றுக்குத் தழும்பு உள்ள சிறுநீரகத்தில் பத்துக் கிளாமருலஸ் மட்டும் கிடைத்தால், தழும்புள்ள ஒன்றுகூட அதில் இல்லாமல் போக 35 சதவீதம் வாய்ப்பு உண்டு. இருபது கிடைத்தால் அது 12 சதவீதமாகக் குறையும். தழும்பு முதலில் விழுவது புறப்பகுதியும் உட்பகுதியும் சேரும் எல்லையில் இருக்கும் கிளாமருலஸ்களில் என்பதால், மேலாக மட்டும் எடுத்த துண்டில் இன்னும் எளிதாகத் தப்பிவிடும். 'ஏழு கிளாமருலஸ், எல்லாம் சரியாக உள்ளன, மினிமல் சேஞ்ச்' என்ற அறிக்கையோடு வந்தவர் ஸ்டீராய்டுக்கு அசையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஏழு என்ற எண்ணிக்கையைத்தான்.

தழும்பு எங்கே, எப்படி என்பதை வைத்து 2004-ல் வகுத்த கொலம்பியா முறையில் ஐந்து வகை சொல்வார்கள். நோயாளிக்கு அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். சிறுகுழல் தொடங்கும் முனையில் தழும்பு விழும் டிப் வகை ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். சுருளே சரிந்து ஒடுங்கும் கொலாப்சிங் வகை வேகமாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு எச்ஐவி பரிசோதனை கட்டாயம். இம்யூனோஃப்ளோரசன்ஸில் எஃப்எஸ்ஜிஎஸ் பொதுவாக இருட்டாகவே இருக்கும், தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் ஐஜிஎம்-மும் சி3-யும் சிக்கிக்கொண்டு ஒளிரலாம்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மெம்பரனஸ் என்றால் போடோசைட்டுக்குக் கீழே படிவுகள் நேராகத் தெரியும். எஃப்எஸ்ஜிஎஸ்ஸில் படிவு இல்லை, போடோசைட்டின் கால்விரல்கள் தட்டையாகியிருக்கும். அந்தத் தட்டை எங்கும் பரவியிருந்தால் முதல்நிலை நோய், திட்டுத்திட்டாக இருந்தால் வேலைப்பளுவால் வந்த இரண்டாம்நிலை என்று சாயலாம்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்

விளக்குவதற்காக அமைத்த ஒருவர் இவர். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், வயது 52. மூன்று மாதமாகக் கால் வீக்கம். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 7.4 கிராம், அல்புமின் 2.1, கிரியாட்டினின் 0.9, கொலஸ்ட்ரால் 330. சர்க்கரை இல்லை. ஏஎன்ஏ, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் நெகட்டிவ். பிஎல்ஏ2ஆர் எலைசா 11, அதாவது நெகட்டிவ். அதனால் பயாப்ஸி செய்கிறார்கள். அறிக்கை இப்படி வருகிறது: ஒன்பது கிளாமருலஸ், ஒன்றில் ஒரு பகுதித் தழும்பு, இம்யூனோஃப்ளோரசன்ஸ் துண்டில் கிளாமருலஸ் இல்லை, முடிவு எஃப்எஸ்ஜிஎஸ்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுத்த படி, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, நான்கு மாதம் வரை. ஆனால் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். முதலாவது, மெம்பரனஸ் நாளானால் அதிலும் இதுபோலப் பகுதித் தழும்பு விழும், ஒரு தழும்பைக் கண்டதும் எஃப்எஸ்ஜிஎஸ் என்று முடிப்பது அவசரம். இரண்டாவது, இம்யூனோஃப்ளோரசன்ஸ் இல்லாததால் மெம்பரனஸ் விலக்கப்படவே இல்லை. மூன்றாவது, எலைசா 11 என்பது பூஜ்யம் அல்ல, இரண்டாவது முறையில் பார்க்க வேண்டிய எல்லைக்குள் இருக்கிறது.

மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. ஃபார்மலினில் போன துண்டு பாரஃபின் பிளாக்காக லேபில் இருக்கிறது. அதிலிருந்து சீவி, புரோனேஸ் என்ற என்சைமில் ஊறவைத்து, ஃபார்மலின் மூடிய இடங்களைத் திறந்து இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்யலாம். அதே பிளாக்கில் பிஎல்ஏ2ஆர் ஸ்டெயினும் போடலாம். இவருக்குச் செய்தபோது சுவர் முழுக்க ஐஜிஜி பொடிப்பொடியாக, பிஎல்ஏ2ஆர் பாசிட்டிவ். சில்வர் ஸ்டெயினைப் பெரிதாக்கிப் பார்த்தால் குட்டைக் குட்டையாக முட்கள். ரத்தத்தை இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில் பார்த்ததும் 1-க்கு 32 பாசிட்டிவ். இது மெம்பரனஸ், தழும்பு அதன் பின்விளைவு.

இப்போது திட்டமே மாறுகிறது. கிரியாட்டினின் நன்றாக இருப்பதால் உடனே நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துக்கு ஓட வேண்டாம். மெம்பரனஸில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தானாகவே புரதம் நின்றுவிடுகிறது. ஆறு மாதம் வரை டெல்மிசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மருந்தோடும், நீர் பிரிக்கும் மாத்திரையோடும், கொலஸ்ட்ரால் மாத்திரையோடும் காத்திருக்கலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தட்டில் இருக்கும்வரை எந்த நீர் மாத்திரையும் முழுசாக வேலை செய்யாது. இடையில் கிரியாட்டினின் ஏறினாலோ ஆன்டிபாடி கூடிக்கொண்டே போனாலோ காத்திருப்பு முடிந்தது.

அல்புமின் 2.1 என்பதால் இன்னொரு அவசரம் உண்டு. ரத்தக்கட்டு எந்த நெஃப்ராட்டிக்கிலும் வரும், மெம்பரனஸில் அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென்று கூடுதலாக வீங்குவது, விலாப்பக்கம் வலித்துச் சிறுநீர் சிவப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் இரவானாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள். அல்புமின் 2.5-க்குக் கீழ் போனால், ரத்தக்கசிவு அபாயம் இல்லாதவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். ரத்தப் பரிசோதனையிலேயே மெம்பரனஸ் உறுதியானவருக்கு இந்த மருந்தை அன்றே தொடங்கலாம். பயாப்ஸிக்குக் காத்திருப்பவருக்கு அதைத் தள்ளிவைக்கவோ இடைநிறுத்தவோ வேண்டும். ஆன்டிபாடிப் பரிசோதனையை முதல் நாளே அனுப்பச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாம் மாதம் இவருக்கு எலைசா 64 ஆர்.யு., புரதம் 7 கிராமிலேயே நிற்கிறது. 50-க்கு மேல் போன ஆன்டிபாடி தானாக அடங்கும் வாய்ப்பு குறைவு. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இங்கே தேர்வு இரண்டு. ரிட்டுக்ஸிமாப் ஊசி ஒரு கிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு கிராம். அல்லது ஆறு மாத பொன்டிசெல்லி முறை: ஒற்றைப்படை மாதங்களில் ஸ்டீராய்டு, இரட்டைப்படை மாதங்களில் சைக்ளோபாஸ்பமைடு. பின்னது விலை குறைவு, பலனும் நிரூபணமானது. சண்டிகரில் நம் நாட்டு நோயாளிகளையே பத்தாண்டு தொடர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. ஆனால் வெள்ளணு குறைவது, தொற்று, கருவுறும் திறன் பாதிப்பு என்ற பாரம் உண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்வரை, உள்நாட்டுத் தயாரிப்பு ரிட்டுக்ஸிமாப் கட்டுப்படியானால் அதுவே மேல். கிரியாட்டினின் வேகமாக ஏறும் நிலையில் சைக்ளோபாஸ்பமைடு முறைக்கே வலு அதிகம். எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். உறங்கிக் கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி ரிட்டுக்ஸிமாப்பால் விழித்துக்கொண்டால் கல்லீரலே போய்விடும்.

இவருக்கு ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்ட பின் ஆறாவது மாதம் ஆன்டிபாடி மறைந்துவிடுகிறது, புரதம் இன்னும் 4 கிராம். 'மருந்து பிடிக்கலை' என்று மாற்றிக்கொண்டு ஓடும் இடம் இது. மெம்பரனஸில் ஆன்டிபாடிதான் முதலில் இறங்கும், புரதம் பல மாதம் கழித்துத்தான் பின்தொடரும், ஏனென்றால் ஏற்கெனவே படிந்தவை கரைய வேண்டும். இவருக்கு ஒரு வருடத்தில் புரதம் 1.2 கிராமுக்கு வந்து அல்புமின் 3.7 ஆகிறது. எஃப்எஸ்ஜிஎஸ் நோயாளிக்கு இந்த முன்னறிவிப்பு கிடைக்காது. அங்கே புரதத்தையும் அல்புமினையும் மட்டுமே பார்த்து ஓட்ட வேண்டும்.

எஃப்எஸ்ஜிஎஸ் என்றே உறுதியானால்

இம்யூனோஃப்ளோரசன்ஸ் இருட்டு, பிஎல்ஏ2ஆர் ஸ்டெயின் நெகட்டிவ், தழும்பு தெளிவு என்று வந்த பிறகும் ஸ்டீராய்டுக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த எஃப்எஸ்ஜிஎஸ்? விலை குறைந்த துப்பு அல்புமின்தான். புரதம் 5 கிராம் போகிறது, ஆனால் அல்புமின் 3.8, வீக்கமும் இல்லை, எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் வேலைப்பளுவால் வந்த இரண்டாம்நிலை. எடையையும், ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சரியான அளவில் உள்ளனவா என்பதையும் பாருங்கள். இவருக்கு மருந்து டெல்மிசார்ட்டான், எடைக்குறைப்பு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. ஸ்டீராய்டு வேண்டாம்.

வீக்கம் சில வாரத்திலேயே வந்து, அல்புமின் 2 அளவுக்கு இறங்கி, கால்விரல் தட்டை எங்கும் பரவியிருந்தால் முதல்நிலை. பிரெட்னிசலோன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், 80-க்கு மேல் போகாமல், குறைந்தது நான்கு வாரம், அதிகபட்சம் பதினாறு வாரம். பலன் தெரியாமலும் பக்கவிளைவு ஏறிக்கொண்டும் போனால் பதினாறு வாரத்தைப் பிடிவாதமாக முடிக்க வேண்டியதில்லை. சைக்ளோஸ்போரினுக்கோ டாக்ரோலிமஸுக்கோ மாறலாம். அவற்றை ரத்த அளவு பார்த்துக் குறைந்தது ஆறு மாதம் கொடுத்துத்தான் பலன் இல்லை என்று சொல்ல முடியும்.

இரண்டுக்கும் அசையாதவரிடமும், இளம் வயதிலேயே தொடங்கியவரிடமும், ஜீன் பழுது இருக்கலாம். நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் முடிப்பதும் சாதாரணம். பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதுப் பிரதியைச் சுமந்து பிள்ளைக்கு இரண்டும் சேரும் என்பிஎச்எஸ்2 போன்ற ஜீன் நோய்களுக்கு இது வழிவிடும். அம்மாவும் அப்பாவும் எப்படிச் சொந்தம், சித்தப்பா பெரியப்பா வழியில் டயாலிசிஸ் செய்தவர்கள் உண்டா, காது மந்தமானவர்கள் உண்டா என்று வம்சாவளியையே கேட்டு எழுத வேண்டும். காது மந்தம் கேட்பது ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய்க்காக. அதுவும் பயாப்ஸியில் எஃப்எஸ்ஜிஎஸ் வேஷத்தில் வரும். ஜீன் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் ஸ்டீராய்டை நிறுத்தலாம். பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டால் கணக்கு தலைகீழாகும். முதல்நிலை எஃப்எஸ்ஜிஎஸ் புதுச் சிறுநீரகத்திலும் திரும்பி வரக்கூடியது. ஜீனால் வந்தது பெரும்பாலும் திரும்பாது, ஆனால் கொடுக்க முன்வரும் அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் அதே பழுது இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி மாறும்போது அறிக்கையின் கடைசி வரியை மட்டும் கொண்டு போகாதீர்கள். எத்தனை கிளாமருலஸ், இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்தார்களா, பிஎல்ஏ2ஆர் ஸ்டெயின் போட்டார்களா என்ற மூன்றும் முழு அறிக்கையில் இருக்கும். ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். வெயிலில் காரிலோ பைக் பெட்டியிலோ வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.